லாபத்தில் பங்கும் கையில் வந்த ஈவுத்தொகையும்: இணை நிறுவன முதலீட்டின் கணக்கு

2018-ஆம் ஆண்டில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத்துக்கு, அது பங்கு வைத்திருந்த இரண்டு பெரிய நிறுவனங்களிலிருந்து ஈவுத்தொகை வந்தது. கோகோ கோலாவிடமிருந்து சுமார் 62 கோடி டாலர். கிராஃப்ட் ஹைன்ஸிடமிருந்து சுமார் 81 கோடி டாலர். இரண்டும் வங்கிக்கு வந்து சேர்ந்த ரொக்கம்தான். ஆனால் கோகோ கோலா தந்த பணம் லாப நட்டக் கணக்கில் வருமானமாக ஏறியது. கிராஃப்ட் ஹைன்ஸ் தந்த பணத்தில் ஒரு டாலர்கூட வருமானமாகவில்லை. அந்த ஆண்டு கிராஃப்ட் ஹைன்ஸ் பெயரில் பெர்க்‌ஷயரின் கணக்கில் பதிவானது சுமார் 273 கோடி டாலர் நட்டம். கூடுதலாகப் பணம் தந்த நிறுவனத்தின் பெயரில்தான் நட்டம் எழுதப்பட்டது.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. கோகோ கோலாவில் பெர்க்‌ஷயருக்கு இருந்தது 9 சதவீதத்தைச் சற்றே தாண்டிய பங்கு. கிராஃப்ட் ஹைன்ஸில் இருந்தது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், ஏறக்குறைய 27 சதவீதம். இயக்குநர் குழுவிலும் இடம் இருந்தது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் வைத்திருப்பது சந்தையில் வாங்கி விற்கும் பங்காக மட்டும் கருதப்படுவதில்லை. வாங்கியவர் அந்த நிறுவனத்தின் கொள்கை முடிவுகளில் செல்வாக்கு உள்ளவர் ஆகிறார்; அது அவருக்கு இணை நிறுவனம் ஆகிறது. அதன் பிறகு கணக்கு ஈக்விட்டி முறைக்கு மாறுகிறது. அந்த முறையில் இணை நிறுவனம் ஈட்டிய லாபத்தில் உள்ள பங்கே வருமானம். கைக்கு வரும் ஈவுத்தொகை முதலீட்டின் மதிப்பைக் குறைக்கும் ஒரு வரவு.

ஈவுத்தொகையை வருமானமாகக் காட்டக்கூடாது என்பது கணக்கியல் படிப்பவர்களுக்கு ஒரு விதியாக மனதில் பதிந்துவிடுகிறது. ஏன் என்ற கேள்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

செல்வாக்கு என்னும் எல்லைக்கோடு

இந்த முறைக்கு இன்றைய வடிவம் வந்தது 1971-இல். அந்த ஆண்டு அமெரிக்காவில் கணக்கியல் கோட்பாட்டு வாரியம் தன் 18-ஆம் கருத்துரையை வெளியிட்டது. அதே ஆண்டில் பிரிட்டனின் முதல் கணக்கியல் நடைமுறைத் தரநிலை வந்தது. அதன் பொருளே இணை நிறுவனங்கள்தான். சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 28 வந்தது 1989-இல். இந்தியாவில் இன்று பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 28 பொருந்துகிறது. மற்றவற்றுக்குப் பழைய ஏஎஸ் 23.

எல்லாவற்றிலும் எல்லைக்கோடு ஒன்றுதான்: வாக்குரிமையில் 20 சதவீதம். அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் செல்வாக்கு இருப்பதாகக் கொள்ளப்படும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கீழே இருந்தால் செல்வாக்கு உண்டு என்பவர் நிரூபிக்க வேண்டும். இயக்குநர் குழுவில் இடம், கொள்கை வகுப்பதில் பங்கு, இரு நிறுவனங்களுக்கிடையே பெரிய அளவிலான வியாபாரம், அதிகாரிகளை மாற்றிக்கொள்ளுதல், இன்றியமையாத தொழில்நுட்பத்தை ஒருவர் மற்றவருக்குத் தருதல் ஆகியவை செல்வாக்கின் அடையாளங்கள். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் இதே 20 சதவீதத்தைச் சொல்கிறது. ஒப்பந்தத்தின்படி வணிக முடிவுகளில் பங்கேற்பதையும் சேர்த்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் போய்க் கட்டுப்பாடு வந்துவிட்டால் அது துணை நிறுவனம். அதன் சொத்து, கடன், விற்பனை, செலவு எல்லாம் வரிவரியாகத் தாய் நிறுவனத்தின் கணக்கோடு கலந்துவிடும். இணை நிறுவனம் அப்படிக் கலப்பதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி, லாப நட்டக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

செல்வாக்கு உள்ளவர் ஈவுத்தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும்? தன் சொந்த லாபம் குறைந்த ஆண்டில் இணை நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேசி ஈவுத்தொகையைக் கூட்டச் செய்யலாம். நல்ல ஆண்டில் அடக்கி வைக்கலாம். வருமானம் என்பது ஈட்டியதைச் சொல்லாமல், எப்போது கேட்டு வாங்கினோம் என்பதைச் சொல்லும் எண்ணாகிவிடும். ஒன்பது சதவீதக்காரரால் இதைச் செய்ய முடியாது. அறிவித்ததை வாங்கிக்கொள்ள மட்டுமே முடியும். அதனால்தான் கோகோ கோலாவுக்கு ஒரு கணக்கு, கிராஃப்ட் ஹைன்ஸுக்கு வேறு கணக்கு.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. இணை நிறுவனம் லாபம் ஈட்டும்போதே அதன் நிகரச் சொத்து கூடிவிடுகிறது. நம் பங்கையும் அப்போதே எழுதிவிட்டோம். பிறகு ஈவுத்தொகையாகப் பணம் வெளியேறும்போது அதன் நிகரச் சொத்து குறைகிறது. நம் பக்கம் முதலீடு குறைந்து வங்கி இருப்பு கூடுகிறது. அதே பணத்தை மறுபடி வருமானம் என்று எழுதினால் ஒரே லாபத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

ஒரு நூற்பாலையின் இரண்டு ஆண்டுகள்

எண்களோடு பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. ஒரு நிறுவனம் ஏப்ரல் முதல் தேதியன்று ஒரு நூற்பாலையின் 30 சதவீதப் பங்கை 12 கோடி ரூபாய்க்கு வாங்குகிறது. ஆலையின் புத்தகப்படி நிகரச் சொத்து 30 கோடி; அதில் 30 சதவீதம் 9 கோடி. மிச்சம் 3 கோடி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆலையின் இயந்திரங்களின் நியாய மதிப்பு, புத்தக மதிப்பைவிட 4 கோடி கூடுதல் என்று மதிப்பீட்டாளர் சொல்கிறார். அதில் நம் பங்கு 1 கோடியே 20 லட்சம். எஞ்சிய 1 கோடியே 80 லட்சம் நற்பெயர் மதிப்பு. எளிமைக்காக ஒத்திவைத்த வரியை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தப் பிரிப்பு எங்கும் தனித்தனிச் சொத்தாகப் பதிவாவதில்லை. 12 கோடி என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனாலும் விளைவு உண்டு. இயந்திரங்களின் எஞ்சிய ஆயுள் 10 ஆண்டுகள் என்றால், நாம் கூடுதலாகக் கொடுத்த 1 கோடியே 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 லட்சம் தேய்மானம் எடுத்தாக வேண்டும். ஆலையின் சொந்தக் கணக்கில் அந்தத் தேய்மானம் இருக்காது; ஏனென்றால் அது ஆலை கொடுத்த விலை அல்ல, நாம் கொடுத்த விலை. நற்பெயர் மதிப்புக்குத் தேய்மானம் கிடையாது.

முதல் ஆண்டில் ஆலையின் வரிக்குப் பிந்தைய லாபம் 5 கோடி. நம் பங்கு 1 கோடியே 50 லட்சம். அதில் 12 லட்சம் போக 1 கோடியே 38 லட்சம். முதலீட்டுக் கணக்கில் பற்று, லாப நட்டக் கணக்கில் வரவு. அதே ஆண்டு ஆலை 2 கோடி ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை தருகிறது. நமக்கு 60 லட்சம். வங்கிக் கணக்கில் பற்று, முதலீட்டுக் கணக்கில் வரவு. ஆண்டிறுதியில் முதலீட்டின் மதிப்பு 12 கோடியே 78 லட்சம்.

இரண்டாம் ஆண்டு பஞ்சு விலை ஏறி ஆலைக்கு வெறும் 1 கோடி லாபம். நம் பங்கு 30 லட்சம். 12 லட்சம் போக 18 லட்சம். ஆனால் ஆலை பழைய சேமிப்பிலிருந்து எடுத்து 3 கோடி ஈவுத்தொகை தருகிறது. நமக்கு 90 லட்சம். முதலீட்டின் மதிப்பு 12 கோடியே 6 லட்சமாக இறங்குகிறது.

இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமானம் 138 லட்சத்திலிருந்து 18 லட்சமாகச் சரிந்தது. கைக்கு வந்த பணமோ 60 லட்சத்திலிருந்து 90 லட்சமாக ஏறியது. ஈவுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் ஆலை நன்றாக நடப்பதாக நினைத்திருப்போம். ஈக்விட்டி முறை தரும் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: முதல் ஆண்டில் 138 லட்சம் வருமானம் என்று எழுதியவர் கையில் 60 லட்சம்தான் இருந்தது. மீதி 78 லட்சம் ஆலைக்குள் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர 30 சதவீதக்காரரால் ஆணையிட முடியாது, கேட்க மட்டுமே முடியும்.

தவறு எங்கே நுழைகிறது

இந்தியாவில் தவறு நுழையும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே ஒரு நிறுவனம் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என இரண்டு தொகுதிக் கணக்குகளைத் தயாரிக்கிறது. தனிக் கணக்கில் இணை நிறுவன முதலீட்டை அடக்க விலையிலோ நியாய மதிப்பிலோதான் வைக்க வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2014-இல் தனிக் கணக்கிலும் ஈக்விட்டி முறையை அனுமதித்தது; இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 27 அந்த வழியைத் திறக்கவில்லை. ஆகவே தனிக் கணக்கில் 60 லட்சம் ஈவுத்தொகை முறைப்படி வருமானமாகவே எழுதப்பட்டிருக்கும். அடக்க விலையில் வைத்திருந்தால் முதலீடு அதே 12 கோடியாக நிற்கும். ஒருங்கிணைந்த கணக்கு இந்தத் தனிக் கணக்கின் இருப்பாய்விலிருந்துதான் தொடங்குகிறது. அப்போது அந்த 60 லட்சத்தை வருமானத்திலிருந்து எடுத்து முதலீட்டில் கழிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு லாபப் பங்கை மட்டும் சேர்த்தால், லாபமும் 60 லட்சம் கூடும், முதலீடும் 60 லட்சம் கூடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கூடுவதால் இருப்புநிலைக் குறிப்பு கச்சிதமாகச் சமன்படும். எச்சரிக்கை எதுவும் எழாது. இந்தத் தவறின் ஆபத்தே அதுதான்.

இரண்டாம் ஆண்டில் இதன் தொடர்ச்சி வரும். தனிக் கணக்கில் முதலீடு இன்னும் 12 கோடிதான். அதனால் ஒருங்கிணைக்கும்போது கடந்த ஆண்டு சேர்ந்த 78 லட்சத்தைத் தொடக்க இருப்பிலும் முதலீட்டிலும் முதலில் ஏற்றிவிட்டுத்தான் இந்த ஆண்டின் பதிவுகளைத் தொடங்க வேண்டும். ஆண்டுகள் கூடக்கூட இந்தத் தொடக்கப் பதிவு பெரிதாகும். ஆள் மாறும்போது தொலைந்துபோவதும் இதுதான்.

கண்டுபிடிக்க ஒரு நேரான சோதனை இருக்கிறது. ஆண்டிறுதியில் இணை நிறுவனத்தின் நிகரச் சொத்தில் நம் பங்கு, இன்னும் தேயாமல் எஞ்சிய நியாய மதிப்பு உபரி, நற்பெயர் மதிப்பு ஆகிய மூன்றையும் கூட்டினால் முதலீட்டின் புத்தக மதிப்பு வர வேண்டும். முதல் ஆண்டிறுதியில் ஆலையின் நிகரச் சொத்து 30 கோடியோடு 5 கோடி சேர்ந்து 2 கோடி கழிந்து 33 கோடி. 30 சதவீதம் 9 கோடியே 90 லட்சம். எஞ்சிய உபரி 1 கோடியே 8 லட்சம். நற்பெயர் 1 கோடியே 80 லட்சம். கூட்டினால் 12 கோடியே 78 லட்சம். இரண்டாம் ஆண்டிறுதியில் நிகரச் சொத்து 31 கோடி. 9 கோடியே 30 லட்சம், 96 லட்சம், 1 கோடியே 80 லட்சம். கூட்டினால் 12 கோடியே 6 லட்சம். ஈவுத்தொகை இரட்டிப்பாக எண்ணப்பட்டிருந்தால் முதல் ஆண்டிலேயே 60 லட்சம் வித்தியாசம் வெளிப்பட்டிருக்கும். தணிக்கை செய்பவர்கள் இந்த மூன்று எண் கூட்டலைச் செய்யாமல் இந்த வரியைக் கடந்துபோகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு இடறல், காலம் பற்றியது. இந்தியாவில் இறுதி ஈவுத்தொகைக்கு ஆண்டுப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அது நிதியாண்டு முடிந்து மாதங்கள் கழித்தே கூடும். ஒப்புதல் கிடைத்த நாளில்தான் பெறும் உரிமை பிறக்கிறது. எனவே 2023-24 லாபத்திலிருந்து வரும் இறுதி ஈவுத்தொகை 2024-25-ஆம் ஆண்டின் முதலீட்டைத்தான் குறைக்கும். ஒரே ஆண்டின் லாபப் பங்கையும் ஈவுத்தொகையையும் ஒப்பிட்டு இத்தனை சதவீதம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர், பல சமயம் இரு வேறு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடுகிறார். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விகிதத்துக்குப் பொருள் உண்டு.

நட்டம் தொடர்ந்தால் முறை எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலீட்டின் மதிப்பு பூச்சியத்தைத் தொடும்வரை நட்டப் பங்கை எழுதலாம். பிணையில்லாமல், திரும்பி வரும் காலம் தெரியாமல் கொடுத்த நீண்டகாலக் கடன் இருந்தால் அதையும் கரைக்கும்வரை எழுதலாம். அதற்குமேல், இணை நிறுவனத்தின் கடனுக்கு நாம் பொறுப்பேற்றிருந்தால் அன்றி, எழுத வேண்டியதில்லை. எழுதாத நட்டத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு லாபம் வரும்போது அது முதலில் அந்தக் குறிப்பைத் தீர்க்கும். தீர்ந்த பின்னரே நம் கணக்கில் வருமானம் தோன்றும். ஆகவே நூற்பாலை மீண்டும் லாபத்துக்குத் திரும்பிய ஆண்டிலும் நம் கணக்கில் அதன் பெயரில் பூச்சியம் நிற்கலாம். குறிப்புகளைப் படிக்காதவருக்கு இது புரியாத மௌனமாக இருக்கும்.

கிராஃப்ட் ஹைன்ஸ் சொல்லும் பாடங்கள்

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 2013-இல் பெர்க்‌ஷயரும் 3ஜி கேப்பிட்டல் நிறுவனமும் சேர்ந்து ஹைன்ஸை வாங்கின. 2015-இல் ஹைன்ஸும் கிராஃப்டும் இணைந்தன. அதில் பெர்க்‌ஷயருக்குக் கிடைத்த பங்குகள் சுமார் 32 கோடியே 54 லட்சம். 2017 இறுதியில் பெர்க்‌ஷயர் புத்தகத்தில் இந்த முதலீட்டின் மதிப்பு சுமார் 1,763 கோடி டாலர். சந்தையில் அது சுமார் 2,530 கோடி டாலர்.

2019 பிப்ரவரியில் கிராஃப்ட் ஹைன்ஸ், முந்தைய ஆண்டின் நான்காம் காலாண்டுக் கணக்கில் நற்பெயர், வணிகப் பெயர்கள் ஆகியவற்றின் மதிப்பை சுமார் 1,540 கோடி டாலர் இறக்கியதாக அறிவித்தது. கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் என்ற இரண்டு பெயர்களின் மதிப்பும் அதில் அடங்கும். பணம் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் ஆண்டு முழுவதற்கும் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய நட்டம். அதில் பெர்க்‌ஷயரின் பங்குதான் முதலில் சொன்ன 273 கோடி. அந்த ஆண்டு ஈவுத்தொகை பங்குக்கு 2 டாலர் 50 சென்ட். மொத்தம் சுமார் 81 கோடி. முதலீட்டின் புத்தக மதிப்பிலிருந்து இவ்விரண்டும் கழிந்தன. நாணய மாற்று விளைவு போன்ற பிற விரிவான வருமானத்தில் உள்ள பங்கும் சேர்ந்து, 2018 இறுதியில் மதிப்பு சுமார் 1,381 கோடி டாலர். நட்டமும் ஈவுத்தொகையும் ஒரே பக்கத்தில் வேலை செய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்: இரண்டுமே முதலீட்டைக் குறைக்கின்றன. ஒன்று வருமானத்தைப் பாதிக்கிறது, மற்றது வங்கி இருப்பைக் கூட்டுகிறது.

அடுத்து நடந்தது, இந்த முறையின் இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. கிராஃப்ட் ஹைன்ஸ் தன் கொள்முதல் கணக்குகளில் கண்ட குறைகளால் 2018 ஆண்டறிக்கையை உரிய காலத்தில் தாக்கல் செய்யவில்லை. 2016, 2017 எண்களைத் திருத்தி 2019 ஜூனில்தான் தாக்கல் செய்தது. மே மாதம் பெர்க்‌ஷயர் தன் முதல் காலாண்டு அறிக்கையை வெளியிட்டபோது கிராஃப்ட் ஹைன்ஸின் கணக்கே கைக்கு வரவில்லை. அதனால் அந்தக் காலாண்டின் லாபப் பங்கு பெர்க்‌ஷயர் அறிக்கையில் இடம்பெறவில்லை. உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்று, 27 சதவீதப் பங்கும் குழுவில் இடமும் வைத்துக்கொண்டு, ஒரு வரியை நிரப்ப முடியாமல் நின்றது. துணை நிறுவனமாக இருந்திருந்தால் கணக்கைக் கொடு என்று ஆணையிட்டிருக்கலாம். செல்வாக்கு என்பது ஆணை அல்ல. இத்தகைய சிக்கலுக்காகவே சர்வதேசத் தரநிலை, இரு நிறுவனங்களின் கணக்கு முடியும் தேதிகளுக்கிடையே மூன்று மாதம் வரை இடைவெளியை ஏற்கிறது. இடையில் நடந்த பெரிய நிகழ்வுகளுக்கு மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது எல்லை சந்தை விலை. 2019 இறுதியில் கிராஃப்ட் ஹைன்ஸ் பங்குகளின் சந்தை மதிப்பு சுமார் 1,046 கோடி டாலராக இறங்கியிருந்தது. பெர்க்‌ஷயர் புத்தகத்திலோ சுமார் 1,376 கோடி. ஈக்விட்டி முறை பங்குச் சந்தையைப் பின்தொடர்வதில்லை. விலை இறங்கியதால் மட்டும் மதிப்பு இறங்காது; இழப்பு தற்காலிகமானது அல்ல என்று அமெரிக்க விதிப்படி முடிவு செய்தால்தான் எழுத வேண்டும். பெர்க்‌ஷயர் அப்போது அப்படி முடிவு செய்யவில்லை. எழுதியது 2025-இன் இரண்டாம் காலாண்டில்: சுமார் 500 கோடி டாலர் மதிப்பிறக்கம், வரி போக 380 கோடி. புத்தக மதிப்பு சந்தை மதிப்பான சுமார் 840 கோடிக்கு வந்தது. அதற்குச் சற்று முன், மே மாதத்தில், பெர்க்‌ஷயரின் பிரதிநிதிகள் கிராஃப்ட் ஹைன்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து விலகியிருந்தார்கள். ஆனாலும் பங்கு 27 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் ஈக்விட்டி முறை தொடர்ந்தது.

2019-லேயே எழுதியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பங்குச் சந்தை ஓராண்டு இறங்கி அடுத்த ஆண்டு ஏறும் என்பதால் காத்திருப்பதற்கு நியாயம் உண்டு. 2022 இறுதியில் பங்கு விலை 40 டாலரைத் தாண்டியபோது அந்த நியாயம் சரியென்றும் தோன்றியது. ஆனால் இந்த ஆறு ஆண்டுகளும் படிப்பவருக்கு உதவியது புத்தக மதிப்பு அல்ல. அதன் அருகே குறிப்பில் அச்சிடப்பட்ட சந்தை மதிப்புதான். சந்தையில் பட்டியலிடப்பட்ட இணை நிறுவனத்துக்கு அந்த எண்ணை வெளியிட வேண்டும் என்பது இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 112-இன் கட்டளை. முதலீட்டாளர் முதலில் தேட வேண்டிய எண் அது. பட்டியலில் இல்லாத நூற்பாலைக்கு அப்படி ஒரு எண் கிடையாது; அங்கே மதிப்பிறக்கச் சோதனை முழுக்க முழுக்க நிர்வாகத்தின் எதிர்கால மதிப்பீட்டை நம்பியே நடக்கிறது. ஈவுத்தொகை லாபத்தைவிட அதிகமாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், ஆலை தன் சொத்தைக் கரைத்துத் தருகிறதா என்று கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

எட்டாத லாபம்

ஈக்விட்டி முறைமீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு, கைக்கு எட்டாத லாபத்தை வருமானம் என்கிறது என்பது. இதில் உண்மை இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒரு நிறுவனம் தன் பங்குதாரருக்கு ஈவுத்தொகை தருவது தனிக் கணக்கின் லாபத்திலிருந்துதான். ஒருங்கிணைந்த கணக்கில் இணை நிறுவனப் பங்காகச் சேர்ந்த 78 லட்சத்தை எடுத்துப் பங்கிட முடியாது. வரித்துறையும் அதைத் தொடுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்குப் பெறுபவர்தான் வரி கட்டுகிறார், ஆனால் வந்தால்தான் கட்டுகிறார். இருந்தாலும் கணக்கியலில், பங்கிடாமல் இணை நிறுவனத்துக்குள் நிற்கும் லாபத்துக்கு ஒத்திவைத்த வரியை இப்போதே ஒதுக்க வேண்டியிருக்கும். காரணம், எப்போது ஈவுத்தொகை வரும் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியாது. துணை நிறுவனத்துக்கு, அதைக் கட்டுப்படுத்துவதால், இந்த ஒதுக்கீட்டைத் தவிர்க்க இடம் உண்டு.

எதிர்த்தரப்பில் வலுவாக நிற்பவர் பஃபெட்டேதான். 20 சதவீதத்துக்குக் குறைவாக வைத்திருந்த நிறுவனங்கள் பங்கிடாமல் வைத்துக்கொண்ட லாபமும் பெர்க்‌ஷயருக்குச் சொந்தமான லாபமே என்று 1980-களின் தொடக்கத்திலிருந்தே பங்குதாரர் கடிதங்களில் வாதிட்டார். ஈவுத்தொகையை மட்டும் காட்டும் கணக்கு உண்மையைக் குறைத்துச் சொல்கிறது என்பது அவர் நிலை. நல்ல நிர்வாகத்தின் கையில் தங்கிய லாபத்துக்கு அது முற்றிலும் சரி. தங்கிய லாபத்தை விலை மிகுந்த நிறுவனங்களை வாங்குவதில் செலவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கிராஃப்டுக்கு அதிக விலை கொடுத்துவிட்டோம் என்று 2019-இல் அவரே ஒப்புக்கொண்டதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் நிலை இது: வருமானத்தை அளக்க ஈக்விட்டி முறை சரியானது, ஆனால் அது தரும் ஒரு வரி போதாது. லாபப் பங்கை லாப நட்டக் கணக்கிலும் ஈவுத்தொகையைப் பணப்பாய்வு அறிக்கையிலும் தனித்தனியே வைப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு படிப்பவர்மீது விழுகிறது. பணப்பாய்வு அறிக்கையில் லாபத்திலிருந்து இணை நிறுவனப் பங்கைக் கழித்துவிட்டு, வந்த ஈவுத்தொகையை முதலீட்டு நடவடிக்கைகளின் கீழ் காட்டுவது இந்தியாவில் நிதி நிறுவனம் அல்லாதவற்றுக்கு உள்ள வழி. அந்த இரண்டு எண்களையும் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துக் கூட்டிப் பார்த்தால், எழுதிய லாபத்தில் எவ்வளவு பணமாகியது என்று தெரிந்துவிடும். இணை நிறுவனம் ஒவ்வொன்றின் பங்கு சதவீதம், நிகரச் சொத்து, லாபப் பங்கு ஆகியவை ஆண்டறிக்கையில் ஏஓசி-1 என்ற படிவத்தின் இரண்டாம் பகுதியில் இருக்கும். மூன்று எண் கூட்டலைத் தொடங்க அது போதும்.

விதிகளும் அசைந்துகொண்டிருக்கின்றன. 2024 ஏப்ரலில் வெளியாகி 2027 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18, இணை நிறுவன லாபப் பங்கைத் தொழில் லாபத்துக்குள் காட்டும் பழக்கத்தை நிறுத்தி, முதலீட்டு வகைக்குக் கீழே இறக்குகிறது. 2024 செப்டம்பரில் வெளியிட்ட வரைவில் சர்வதேச வாரியம் ஐஏஎஸ் 28-ஐயே திருத்த முன்மொழிந்தது. நாம் நூற்பாலைக்குப் பஞ்சு விற்று அது இன்னும் கிடங்கில் இருந்தால், அந்த லாபத்தில் 30 சதவீதத்தைக் கழிப்பது இன்றைய விதி. வரைவின்படி கழிக்க வேண்டியதில்லை, முழு லாபத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆலையின் கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் செல்வாக்கு உள்ளவர் தன் லாபத்தைத் தானே வடிவமைத்துக்கொள்ளக்கூடாது என்ற, ஈவுத்தொகையை வருமானத்திலிருந்து விலக்கிய அதே கவலை இங்கேயும் எழுகிறது. ஆண்டின் கடைசி வாரத்தில் இணை நிறுவனத்துக்குச் சரக்கைத் தள்ளினால் முழு லாபமும் கணக்கில் நிற்கும். அந்த விற்பனைகளால் வந்த லாபத்தை வெளியிட வேண்டும் என்று வரைவு சொல்வது ஓரளவு காப்பு. கழிப்பதற்கு அது ஈடாகுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.